அம்மம்மா யாழ்ப்பாணத்தில், பிள்ளை ரொறன்ரோவில்: பத்து நிமிடத் தமிழ்ப் பாடத்துக்குப் பிரதி எழுதுவது எப்படி

வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்த, ஆனால் பதிலை ஆங்கிலத்தில் சொல்லும் ஐந்து முதல் எட்டு வயதுப் பிள்ளைக்கான வழிகாட்டி இது. பாடம் நடத்துபவர் யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மம்மாவோ அப்பம்மாவோ பெரியம்மாவோ. இடையில் இருப்பது வட்ஸ்அப் வீடியோ அழைப்பு. எழுத்துப் பழக்கம் இதில் வராது, அதற்கு வேறு பாடம் வேண்டும். இங்கே வாய்ப்பேச்சு மட்டும்.

யார் எதை எப்போது சொல்வது என்று முன்கூட்டியே எழுதிய பிரதி இல்லாமல் நடக்கும் பாடம் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் போகும். "இதுக்குத் தமிழில என்ன?" என்று பாட்டி கேட்பார். பிள்ளை தாயைப் பார்க்கும். தாய் மெதுவாகச் சொல்லிக் கொடுப்பார். பிள்ளை அதைத் திருப்பிச் சொல்லும், எல்லாரும் கைதட்டுவார்கள். அடுத்த வாரம் அந்தச் சொல் பிள்ளையின் வாயில் இராது. தேவைப்படாத ஒன்றைச் சொன்னதால் அது தங்கவில்லை. ஆகவே நாம் எழுதப்போகும் பிரதியின் வேலை ஒன்றுதான்: அந்தத் தமிழ் வசனத்தைச் சொன்னால்தான் காரியம் நடக்கும் என்ற நிலையைப் பத்து நிமிடத்துக்கு உண்டாக்குவது.

## 1. எழுதும் முன் தயாராக வேண்டியவை

முதலில் நேரம். பாடத்தை நாளின் ஏதாவது ஓர் உண்மையான வேலையோடு சேர்த்துவிடுங்கள். சாப்பாடு மிகவும் வசதி, ஏனென்றால் கேட்க, மறுக்க, இன்னும் கேட்க, நிறுத்தச் சொல்ல எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. ரொறன்ரோவில் சனிக்கிழமை காலை 9 மணி என்றால், கோடையில் யாழ்ப்பாணத்தில் மாலை 6.30. அங்கே காலைச் சாப்பாடு, இங்கே இரவுக்கு இடியப்பம் அவியும் நேரம். இரண்டு பக்கமும் தட்டு இருக்கும்.

குளிர்காலத்தில் இதே நேரம் இங்கே 7.30 ஆகிவிடும். ரொறன்ரோவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் மணிக்கூட்டை மாற்றுவார்கள். லண்டனில் மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும். இலங்கையில் மாற்றம் இல்லை. இதைக் கலண்டரில் இப்போதே குறித்து வைக்காவிட்டால், அந்த வாரம் பாட்டி கோயிலில் நிற்கும்போது அழைப்பு வரும்.

அடுத்தது ஆட்கள். குறைந்தது மூன்று பேர் வேண்டும்: பாட்டி, பிள்ளை, பிள்ளையின் பக்கத்தில் ஒரு பெரியவர். இந்த மூன்றாவது ஆள் இல்லாமல் பாடம் நடக்காது. பாட்டியால் திரைக்கு ஊடாகப் பாணை எடுத்துக் கொடுக்க முடியாது. இன்னொரு காரணமும் உண்டு. வீடியோ அழைப்பில் குரல் சற்றுப் பிந்தி வருவதால் "எல்லாரும் சேர்ந்து சொல்லுவம்" என்பது கலைந்து போகும். பாட்டி சொல்லி முடிக்கும்போதுதான் பிள்ளை தொடங்கும், ஒருவர் குரலை மற்றவர் குரல் வெட்டும். சேர்ந்து சொல்ல வேண்டிய இடம் வந்தால் பக்கத்தில் இருப்பவர்தான் பிள்ளையோடு சேர்ந்து சொல்ல வேண்டும்.

கடைசியாக, பிள்ளையிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பாடம் என்று சொல்லாமல் வழக்கமான ஒரு அழைப்பை நடத்தி, பிள்ளை தமிழில் சொன்னதை ஒரு தாளில் ஒரு பக்கமும், தமிழ்க் கேள்விக்கு ஆங்கிலத்தில் சொன்ன பதில்களை மற்றப் பக்கமும் எழுதுங்கள். இரண்டாவது பட்டியல்தான் தங்கம். அந்தப் பிள்ளைக்குக் கேள்வி விளங்குகிறது, பதிலுக்குத்தான் வசனம் இல்லை. முதல் பாடங்களை அந்தப் பட்டியலில் இருந்து எடுங்கள்.

## 2. பதிலை முதலில் எழுதுங்கள், கேள்வியைப் பிறகு

புதிதாக எழுதுபவர்கள் பாட்டி பேசப்போவதில் இருந்துதான் தொடங்குகிறார்கள். பக்கம் நிறையப் பாட்டியின் வசனங்கள் வந்துவிடும், பிள்ளைக்கு மிஞ்சுவது "ஓம்", "இல்லை" இரண்டும்தான். தலைகீழாகச் செய்யுங்கள். தாளின் நடுவில் பிள்ளை சொல்ல வேண்டிய வசனத்தை எழுதுங்கள். பிறகு, எந்த நிலையில் பிள்ளைக்கு அது தேவைப்படும் என்று யோசித்து மேலே பாட்டியின் வரியை எழுதுங்கள்.

ஒரு பாடத்துக்கு மூன்று வசனம் போதும். சாப்பாட்டுப் பாடத்துக்கு நான் எடுப்பவை:

எனக்கு … வேணும்.
இன்னும் கொஞ்சம் தாங்கோ.
காணும்.

"வேண்டாம்" இந்தப் பட்டியலில் இல்லாததற்குக் காரணம், அது பெரும்பாலான பிள்ளைகளுக்கு முன்பே தெரியும். தெரிந்ததைப் பாடத்துக்குள் கலந்து விடலாம், ஆனால் புதியதாகக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

நிறங்கள், மிருகங்கள், எண்கள் என்று தொடங்குவதை நான் விரும்புவதில்லை. யானை என்ற சொல்லை வைத்துக்கொண்டு ரொறன்ரோவில் காலைச் சாப்பாட்டு மேசையில் ஒரு பிள்ளை என்ன செய்யும்?

முதல் வசனம் "எனக்கு" என்று தொடங்குவதும் தற்செயல் அல்ல. ஆங்கிலத்தில் யோசிக்கும் பிள்ளை "நான் தண்ணி வேணும்", "நான் பசி" என்றுதான் சொல்லும். இதைத் திருத்தித் திருத்திக் களைப்பதைவிட, முதல் ஐந்தாறு பாடங்களையும் "எனக்கு" என்றே தொடங்கும் வசனங்களால் நிரப்பிவிடுவது நல்லது. எனக்குப் பசிக்குது. எனக்குத் தெரியாது. எனக்கு விளங்கேல்லை. எனக்குக் கால் நோகுது. எனக்கு விருப்பம். எனக்கு ஏலாது. எனக்கு நித்திரை வருது. அன்றாடப் பேச்சில் ஒரு பிள்ளைக்கு வேண்டியவற்றில் பெரும்பகுதி இந்த ஒரே அச்சுக்குள் வந்துவிடுகிறது.

இதில் இன்னொரு வசதி. வேணும், தெரியும், விளங்கேல்லை போன்றவை ஆளுக்கு ஆள் மாறுவதில்லை. எனக்கு வேணும், உங்களுக்கு வேணும், அம்மாவுக்கு வேணும்: கடைசிச் சொல் அப்படியே நிற்கிறது. "நான் வாறன்" என்று தொடங்கினாலோ உடனே நீங்கள் வாறீங்கள், அம்மம்மா வாறா, தம்பி வாறான் என்று வால் மாறிக்கொண்டே போகும். அது இரண்டாம் கட்டத்துக்கு உரியது. வரிசையை மாற்றி, வினை மாறும் வசனங்களை முதலில் கொடுத்த வீடுகளில் பிள்ளை ஒரு வசனத்தைச் சொல்ல முன் நின்று யோசிப்பதைப் பார்க்கலாம். யோசிக்க நின்றால் ஆங்கிலம் முந்திவிடும்.

## 3. பேசுகிறபடியே எழுதுங்கள்

பிரதியில் "எனக்கு இன்னும் சிறிது தாருங்கள்" என்று எழுதினால் பாட்டி அதை வாசிப்பார், பேசமாட்டார். தன் வீட்டில் யாரும் பேசாத ஒன்றைப் பிள்ளை படித்துவிட்டு, ஊருக்கு வந்தால் மச்சான்மாரின் சிரிப்புக்கு ஆளாகும். தாங்கோ, வாங்கோ, காணும், ஓம், எப்பிடி, இண்டைக்கு: வாயில் வருகிறபடி எழுதுங்கள். எழுத்துத் தமிழ் எழுதப் பழகும்போது வரட்டும்.

பெற்றோரில் ஒருவர் மட்டக்களப்போ சென்னையோ என்றால் இரண்டு பேச்சும் வீட்டில் இருக்கும். பாடத்துக்குள் மட்டும் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பாட்டி எதைப் பேசுகிறாரோ அது. படம் பார்த்துப் பழகிய பிள்ளை "போதும்" என்றால் பிழை இல்லை, பாட்டி "ஓம், காணும்" என்று தன் சொல்லால் ஏற்றுக்கொண்டு அடுத்த வரிக்குப் போகலாம்.

மரியாதைதான் உண்மையில் கவனம் வேண்டிய இடம். பெரியவர்கள் பிள்ளையிடம் "வா", "தா", "சாப்பிடு" என்று பேசினால், பிள்ளை கேட்டதைத்தான் திருப்பிச் சொல்லும். "அம்மம்மா, தா" என்று சொன்னபிறகு பாட்டியின் முகம் மாறும், தாய் குறுக்கிட்டுத் திருத்துவார், பாடம் அங்கேயே படுத்துவிடும். யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் சின்னப் பிள்ளைகளிடமும் "வாங்கோ, சாப்பிடுங்கோ" என்று கதைப்பது இதற்காகத்தான். பிரதியில் பாட்டியின் ஒவ்வொரு வரியையும் "-ங்கோ" வடிவில் எழுதுங்கள். பக்கத்தில் இருக்கும் தாயும் அந்தப் பத்து நிமிடம் அப்படியே பேச வேண்டும். "நீர், வாரும்" என்ற நடு வடிவத்தை இப்போதைக்குத் தொட வேண்டாம், பிள்ளைக்கு அது யாரிடமும் தேவைப்படாது.

## 4. ஒரு வசனம் எப்போது திரும்ப வர வேண்டும்

ஒரே வசனத்தை அடுத்தடுத்துப் பத்துத் தரம் சொல்ல வைப்பது வீண். பிள்ளை கேட்டதை எதிரொலிக்கும், நினைவில் இருந்து எடுக்காது. மறக்கத் தொடங்கும் நேரத்தில் திரும்ப எடுக்க வைத்தால்தான் அடுத்த முறை மறதி பிந்தும். 1967இல் போல் பிம்சிலர் என்ற அமெரிக்க மொழிக் கல்வியாளர் இதற்கு ஓர் அட்டவணை தந்தார்: 5 விநாடி, 25 விநாடி, 2 நிமிடம், 10 நிமிடம், 1 மணி, 5 மணி, 1 நாள், 5 நாள், 25 நாள் என்று இடைவெளி ஏறக்குறைய ஐந்து மடங்காக விரியும்.

அதை மணிக்கூடு பார்த்துப் பின்பற்றத் தேவையில்லை. பிரதிக்கு அதில் இருந்து எடுக்க வேண்டியது இவ்வளவுதான். புதிய வசனம் வந்தவுடன் ஒரு தரம், இடையில் வேறொரு வரி போனபின் ஒரு தரம், இரண்டு நிமிடம் கழித்து வேறு சாப்பாட்டோடு ஒரு தரம், பாடம் முடியும் நேரம் ஒரு தரம். அதன்பின் அன்றே மத்தியானம் வீட்டில் ஒரு தரம், அடுத்த நாள் ஒரு தரம். பிரதியை எழுதி முடித்ததும் ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு நிறப் பேனையால் கோடிட்டுப் பாருங்கள். ஒரு நிறம் ஒரே இடத்தில் குவிந்திருந்தால் பிரித்து எழுதுங்கள்.

## 5. முழுப் பிரதி: காலைச் சாப்பாடு

பிள்ளையின் பக்கம்: சிறு துண்டுகளாக வெட்டிய பாண், வாழைப்பழத் துண்டுகள், வெறும் தட்டு. துண்டுகள் தாயின் கைக்குப் பக்கத்தில், பிள்ளைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். எட்டினால் பிள்ளை எடுத்துச் சாப்பிடும், கேட்காது. பாட்டியின் பக்கம்: இடியப்பம், சம்பல், சொதி, ஒரு செத்தல் மிளகாய், வெறும் தட்டு, வெறும் கோப்பை, பரிமாற வீட்டில் யாராவது ஒருவர். போனை எதிலாவது சாய்த்து, தட்டும் முகமும் தெரிய வையுங்கள்.

தொடக்கம், ஒரு நிமிடம்

அம்மம்மா: ஆர் இது? என்ர பிள்ளையோ?
பிள்ளை: ஓம்.
அம்மம்மா: எனக்குப் பசிக்குது. உங்களுக்கும் பசிக்குதோ?
பிள்ளை: ஓம். (அல்லது "இல்லை". எதுவும் சரி.)

தெரிந்த பதிலோடு தொடங்குவதற்குக் காரணம், முதல் வாய்திறப்பு தமிழில் விழ வேண்டும் என்பதே. முதல் பதில் ஆங்கிலத்தில் வந்துவிட்டால் மீதிப் பாடமும் அந்தப் பக்கம் சரியும்.

கேட்பது, இரண்டு நிமிடம்

அம்மம்மா: (இடியப்பத்தைத் தூக்கிக் காட்டி) எனக்கு இடியப்பம் வேணும். (தட்டில் வைக்கிறார்.)
அம்மம்மா: (சம்பலைக் காட்டி) எனக்குச் சம்பல் வேணும். (வைக்கிறார்.)
அம்மம்மா: (மிளகாயைக் காட்டி, முகத்தைச் சுளித்து) ஐயோ, எனக்கு மிளகாய் வேண்டாம்! (தள்ளி வைக்கிறார்.)
அம்மம்மா: பிள்ளை, பாணைக் காட்டுங்கோ. (காத்திருக்கிறார்.) வாழைப்பழத்தைக் காட்டுங்கோ. (காத்திருக்கிறார்.)

இங்கே பிள்ளை எதையும் சொல்லத் தேவையில்லை. கையால் காட்டினால் போதும். வசனத்தின் ஒலி காதில் இரண்டு தரம் விழுந்தபிறகு கேட்பதற்கும், விழாமல் கேட்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

தெரிவு, மூன்று நிமிடம்

அம்மம்மா: பாண் வேணுமோ, வாழைப்பழம் வேணுமோ?
பிள்ளை: பாண்.
அம்மம்மா: சரி. எனக்குப்… (ஐந்து விநாடி)
பிள்ளை: எனக்குப் பாண் வேணும்.
அம்மா: (உடனே ஒரே ஒரு சிறு துண்டு வைக்கிறார்.) இந்தாங்கோ.

(பிள்ளை சாப்பிடுகிறது. தட்டு வெறுமை.)

அம்மம்மா: (தன் வெறும் கோப்பையைத் தூக்கி, பக்கத்தில் இருப்பவரிடம்) சொதி இன்னும் கொஞ்சம் தாங்கோ. (ஊற்றுகிறார்கள்.) பிள்ளையின்ர தட்டில ஒண்டும் இல்லை!
அம்மா: (துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் பிள்ளையைப் பார்க்கிறார். ஐந்து விநாடி.)
பிள்ளை: இன்னும் கொஞ்சம் தாங்கோ.
அம்மா: இந்தாங்கோ. (மீண்டும் ஒரே ஒரு துண்டு.)
அம்மம்மா: இப்ப என்ன வேணும்?
பிள்ளை: எனக்கு வாழைப்பழம் வேணும்.

துண்டு சிறியதாக இருக்க வேண்டியதன் காரணம் இப்போது விளங்கும். முழுப் பாண் துண்டை வைத்துவிட்டால் இரண்டாம் வசனத்துக்கு வேலையே இல்லை.

நிறுத்தச் சொல்வது, இரண்டு நிமிடம்

(யாழ்ப்பாணத்தில் பக்கத்தில் இருப்பவர் பாட்டியின் தட்டில் இடியப்பத்தை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கிறார்.)
அம்மம்மா: காணும்… காணும்! (கையால் தட்டை மூடுகிறார்.)
அம்மா: (பிள்ளையின் தட்டில் பாண் துண்டு வைக்கிறார். இன்னொன்று. இன்னொன்று. நிறுத்துவதில்லை.)
பிள்ளை: காணும்!
அம்மா: (உடனே கையை எடுக்கிறார்.)
அம்மம்மா: அம்மாவுக்குக் காணுமோ? அம்மாவுக்கும் வையுங்கோ!
(பிள்ளை தாயின் தட்டில் வைக்கிறது. தாய் "காணும்" என்று சொன்னதும் நிறுத்துகிறது.)

பாடத்தின் உச்சம் இதுதான். பிள்ளைகள் சிரித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் செய்யக் கேட்பார்கள். செய்யுங்கள், ஆனால் "காணும்" என்று சொன்ன அடுத்த கணமே கை நிற்க வேண்டும். விளையாட்டுக்காகத் தாய் மேலும் இரண்டு துண்டு வைத்தால், சொன்னால் காரியம் நடக்கும் என்ற அத்திவாரம் ஆட்டம் கண்டுவிடும்.

முடிவு, இரண்டு நிமிடம்

அம்மம்மா: இப்ப நீங்கள் கேளுங்கோ. அம்மம்மாவுக்கு என்ன வேணும்?
பிள்ளை: சம்பல் வேணுமோ?
அம்மம்மா: வேண்டாம், உறைக்குது!
பிள்ளை: இடியப்பம் வேணுமோ?
அம்மம்மா: ஓம், இன்னும் கொஞ்சம் தாங்கோ. (பிள்ளை திரைக்கு நேரே கொடுப்பதுபோல் கையை நீட்டுகிறது.) காணும், காணும். உங்களுக்கு?
பிள்ளை: காணும்.
அம்மம்மா: சரி பிள்ளை, வைக்கட்டோ?
பிள்ளை: ஓம், வையுங்கோ.

அம்மம்மா தன் தட்டில் உள்ளதை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினால் பிள்ளைக்குப் பெயர் தேட வேண்டியிராது. இந்தப் பகுதி முதல் பாடத்தில் தடுமாறினால் விட்டுவிடுங்கள், இரண்டாம் தரம் நடத்தும்போது வரும். ஒரே பிரதியை இரண்டு மூன்று தரம் நடத்துவதில் பிழையே இல்லை. அலுப்பு வருவது பெரியவர்களுக்குத்தான்.

## 6. பிள்ளை பேசாவிட்டால்

பிரதியில் "ஐந்து விநாடி" என்று எழுதியதைப் பெரும்பாலானோர் இரண்டு விநாடியில் முடித்துவிடுகிறார்கள். அழைப்பு பிந்தி வருவதால் அந்த இரண்டு விநாடியிலும் ஒரு பகுதி வழியிலேயே போய்விடும். மனதுக்குள் ஒன்றில் இருந்து ஐந்து வரை எண்ணுங்கள். பாட்டி மௌனத்தைத் தாங்கமாட்டார் என்றால் அந்த நேரத்தில் இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். கைக்கு வேலை இருந்தால் வாய் பொறுக்கும்.

ஐந்து விநாடியும் போய்விட்டால், உதவியைப் படிப்படியாகக் கூட்டுங்கள். முதல் படி, இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யும் கேள்வி: "வேணுமோ, காணுமோ?" அதற்கும் பதில் இல்லை என்றால் முதல் ஒலியை மட்டும் பாட்டி கொடுக்கலாம்: "கா…". அப்படியும் வராவிட்டால் பக்கத்தில் இருக்கும் தாய் பிள்ளையோடு சேர்ந்து சொல்லட்டும், சொன்னதற்காகத் துண்டைக் கொடுத்துவிட்டு முன்னே போங்கள். முழு வசனத்தை முதலிலேயே சொல்லிக் கொடுப்பது கடைசிப் படிக்கு நேரே தாவுவது. பக்கத்தில் இருக்கும் தாய்மார் பலர் பாசத்தில் செய்வது இதுதான். அதனால் அவர்களின் தாளில் "இங்கே பேச வேண்டாம்" என்று பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

பசியோடு இருக்கும் பிள்ளையிடம் சாப்பாட்டைப் பிடித்துவைத்துத் தமிழ் கேட்பது இந்தப் பாடம் அல்ல. காலைச் சாப்பாட்டில் பாதியைப் பாடத்துக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். பிள்ளை கண்கலங்கினால் துண்டு உடனே தட்டில் விழ வேண்டும்.

பதில் ஆங்கிலத்தில் வந்தால் கண்டிக்க வேண்டாம், விளங்காததுபோல் நடிக்கவும் வேண்டாம். பாட்டிக்கு ஆங்கிலம் தெரியும் என்று பிள்ளைக்குத் தெரியும். "ஓ, இன்னும் கொஞ்சம் வேணுமோ?" என்று அதே கருத்தைத் தமிழில் சொல்லிவிட்டு ஐந்து விநாடி காத்திருங்கள். "நான் பாண் வேணும்" என்று வந்தாலும் இதே வழிதான்: "உங்களுக்குப் பாண் வேணும். எனக்கு இடியப்பம் வேணும்." பிழையைச் சுட்டாமல் சரியான வடிவம் காதில் விழுந்துவிடும். பாடத்துக்கு நடுவில் இலக்கணம் விளக்குவது ஆறு வயதுப் பிள்ளைக்கு எதையும் கொடுக்காது.

உச்சரிப்பில் ஒரு பாடத்துக்கு ஓர் ஒலி மட்டும். இந்தப் பாடத்தில் அது "தாங்கோ"வின் முதல் எழுத்து. ஆங்கிலம் பேசும் பிள்ளை நாக்கை மேற்பற்களுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் வைப்பதால் "டாங்கோ" என்பது போலக் கேட்கும். நாக்கின் நுனி மேற்பல்லில் முட்ட வேண்டும், அதைக் கமராவில் காட்டவும் முடியும். பாட்டி போனுக்குக் கிட்ட வந்து ஒரு தரம் காட்டினால் போதும். "வேணும்" என்பதில் உள்ள ணகரம் பிழைத்தால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அது உள்ளே தெரியாத இடத்தில் உண்டாகும் ஒலி, காட்டிப் படிப்பிக்க முடியாது, காதால்தான் வரும்.

## 7. அழைப்பை வைத்த பிறகு

பாடத்தின் பாதி இதன் பிறகுதான் நடக்கிறது. அன்று மத்தியானச் சாப்பாட்டில் தாய் தட்டில் கொஞ்சமாகப் போட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் இருக்க வேண்டும். அடுத்த நாள் பால் ஊற்றும்போது நிறுத்தாமல் மெதுவாக ஊற்றிக்கொண்டே இருக்கலாம், "காணும்" தானாக வரும். ஐந்தாம் நாள் அளவில் இன்னொரு தரம். ஒவ்வொரு முறைக்கும் ஒரு நிமிடம்கூட ஆகாது.

இதைத் தாய்க்கு நினைவுபடுத்தும் வேலையையும் பிரதியே செய்யட்டும். தாளின் அடியில் மூன்று வசனங்களையும், "இன்று மத்தியானம், நாளை, வியாழன்" என்ற மூன்று கட்டங்களையும் வரைந்து, படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினால் போதும். வசனம் வந்தால் ஒரு புள்ளி, வராவிட்டால் வெறுமை.

அடுத்த பிரதிக்குப் போகலாமா என்று தீர்மானிப்பதும் அந்தக் கட்டங்கள்தான். யாரும் கேட்காமலேயே மூன்றில் இரண்டு வசனம் வந்திருந்தால் போகலாம். அதைவிட நம்பகமான அடையாளம் ஒன்று உண்டு: பாடத்தில் இல்லாத பொருளைப் பிள்ளை அந்த அச்சில் போடுவது. "எனக்கு ஐபாட் வேணும்" என்று கேட்டால் அந்த வசனம் பிள்ளையின் சொந்தமாகிவிட்டது. (ஐபாட் கொடுப்பதா என்பது பெற்றோரின் பிரச்சினை.) பாட்டி கேட்டால் மட்டும் வருகிறது, வீட்டில் வரவில்லை என்றால், பிள்ளை வசனத்தைப் படிக்கவில்லை, பாடத்தைத்தான் படித்திருக்கிறது. அதே பிரதியைச் சாப்பாட்டுக்குப் பதிலாக நிறப் பென்சில்களை வைத்து நடத்துங்கள்.

## 8. அடுத்த பிரதிகளின் வரிசை

இரண்டாம் பிரதி "எனக்கு விளங்கேல்லை", "திரும்பச் சொல்லுங்கோ", "ஆறுதலாச் சொல்லுங்கோ". இதை முன்னால் வைப்பதற்குக் காரணம், இந்த மூன்றும் கையில் இருந்தால் பிள்ளை சிக்கும்போது ஆங்கிலத்துக்கு ஓடாமல் தமிழுக்குள்ளேயே நின்று உதவி கேட்கலாம். பிரதியில் பாட்டி வேண்டுமென்றே வேகமாக, வாய்க்குள் முணுமுணுக்க வேண்டும். பிள்ளை "ஆறுதலா" என்றதும் வேகம் குறைய வேண்டும்.

மூன்றாவது உடம்பு: கால் நோகுது, வயித்துக்க நோகுது, குளிருது, நித்திரை வருது. பொம்மையை நோயாளியாக்கிப் பாட்டியை டொக்டராக்கலாம். நான்காவது விருப்பம்: விருப்பம், விருப்பமில்லை, ஏலும், ஏலாது. அதன் பிறகுதான் "நான்": நான் வாறன், நான் சாப்பிட்டன், நான் சாப்பிடேல்லை. இங்கே வால் மாறத் தொடங்குவதால் ஒரு பாடத்துக்கு இரண்டு வசனம் என்று குறைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்றால் மூத்தது சின்னதற்காகப் பதில் சொல்லிவிடும். "பொறு, தம்பியை விடு" என்று தடுத்தால் நிற்காது. மூத்த பிள்ளைக்குத் தாயின் இடத்தைக் கொடுத்து, துண்டு வைக்கும் வேலையையும் வசனம் வரும்வரை காத்திருக்கும் வேலையையும் ஒப்படையுங்கள். அதன் தாளிலும் "இங்கே பேச வேண்டாம்" என்று எழுதுங்கள். பத்து வயதைத் தாண்டிய பிள்ளைக்கு இந்தப் பிரதி ஒத்துவராது. பாண் துண்டுக்காகக் கேட்கச் சொன்னால் முகத்தைத் திருப்பும். அந்த வயதுக்குச் சமையல் நல்ல களம். பாட்டி இங்கே சம்பல் இடிக்க, பிள்ளை அங்கே செய்து பார்க்க, "எவ்வளவு போடுறது?", "இது காணுமோ?", "இப்ப என்ன செய்யிறது?" என்ற மூன்று கேள்விகளையும் பிள்ளையின் பக்கத்தில் வைத்துப் பிரதி எழுதுங்கள்.